6 பேர் பிரியாணியை 30 பேருக்குப் பெருக்கும்போது எங்கே பிசகுகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வீட்டில் ஆறு பேருக்குப் பொலபொலவென்று வரும் கோழிப் பிரியாணி, தீபாவளி விருந்துக்கு முப்பது பேர் என்றதும் குழைந்துபோகிறது, இல்லாவிட்டால் அடியில் பிடித்து மேலே விறைக்கிறது. எல்லா அளவையும் ஐந்தால் பெருக்கித்தான் போட்டிருப்பீர்கள், கணக்கில் தப்பே இருக்காது. சிக்கல் என்னவென்றால், சமையல் குறிப்பில் உள்ள எல்லா வரியும் ஐந்தால் பெருகாது. அரிசி பெருகும், கோழி பெருகும், உப்பு பெருகும். தண்ணீர் அப்படியே பெருகாது. இதற்கும் முன்னால் இன்னொரு சிக்கல் உண்டு: "கப்", "கரண்டி" என்று எழுதியிருப்பது யாருடைய கப், யாருடைய கரண்டி என்பது.

கீழே அறிகுறி வாரியாகப் போகிறேன். உங்களுக்கு நடந்தது எதுவோ அங்கே போய்ப் படிக்கலாம், ஆனால் முதல் இரண்டையும் எல்லாரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அங்கே தப்பு இருந்தால் மற்ற எதைத் திருத்தியும் பலனில்லை.

## அறிகுறி 1: எக்செல் தாளில் அபத்தமான எண்கள் வருகின்றன

தயிர் அரை கப் என்று `1/2` தட்டினீர்கள், முப்பது பேருக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம் கப் என்று காட்டுகிறது. தாள் அதைப் பின்னமாக எடுக்கவில்லை, தேதியாக எடுத்துக்கொண்டது. சிங்கப்பூர் அமைப்பில் அது பிப்ரவரி 1, அமெரிக்க அமைப்பில் ஜனவரி 2. தேதிகளை எக்செல் உள்ளுக்குள் ஒரு நாள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது, இந்த ஆண்டுகளின் தேதிகளுக்கு அது நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல் வரும். அதை ஐந்தால் பெருக்கினால் அந்த லட்சக்கணக்கு. `0.5` என்றோ `=1/2` என்றோ தட்டுங்கள், சரியாகிவிடும்.

முதல் வரி சரியாக இருந்து, இழுத்து நிரப்பிய மற்ற வரிகள் தாறுமாறாகவோ பூஜ்யமாகவோ வந்தால், பெருக்கு எண் இருக்கும் கட்டத்தை நீங்கள் பூட்டவில்லை. வரி கீழே இறங்க இறங்க அந்தக் கட்டமும் கூடவே இறங்கி, வேறு எண்ணாலோ காலிக் கட்டத்தாலோ பெருக்கிக்கொண்டிருக்கிறது. டாலர் குறி போட்டால் நின்றுவிடும். H2 கட்டத்தில் குறிப்பு எத்தனை பேருக்கு, H3 கட்டத்தில் உங்களுக்கு எத்தனை பேர், B பத்தியில் அளவு, D பத்தியில் அந்த அலகு ஒன்றுக்கு எத்தனை கிராம் என்று வைத்துக்கொண்டால் இவ்வளவுதான்:

```
H1:  =H3/H2
F5:  =B5*D5*$H$1
```

இதில் D பத்திதான் முக்கியம். 1 மேசைக்கரண்டியை 5 மேசைக்கரண்டி ஆக்குவதோடு நிறுத்தாமல், முதலில் கிராமுக்கு மாற்றிவிட்டுப் பெருக்குங்கள். முழு எண்ணாக்குவதும் கடைசியில்தான். 6 பேர் அளவிலேயே 8 கிராமை 10 என்று வட்டமாக்கிவிட்டால் அந்த 2 கிராம் 10 கிராம் ஆகி வந்து நிற்கும், மிளகாய்த்தூளில் அது நாக்குக்கு நன்றாகவே தெரியும்.

## அறிகுறி 2: எல்லாம் அளந்து போட்டும் சுவை சப்பென்று இருக்கிறது, அல்லது தூக்கலாக இருக்கிறது

இது அலகுக் கோளாறு. நம் சமையலறைகளில் குறைந்தது இரண்டு வகை கப் கிடக்கும். ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மி.லி. தான். கேக் செய்ய வாங்கிய அளவுக் கப் 250 மி.லி., அமெரிக்கக் கப் என்றால் சுமார் 237 மி.லி. "அரிசி 4 கப்" என்பது குக்கர் கப்பில் ஏறத்தாழ 600 கிராம், 250 மி.லி. கப்பில் 830 கிராம் பக்கம். அரிசியையும் தண்ணீரையும் ஒரே கப்பால் அளந்தால் சோறு நன்றாகத்தான் வேகும், அதனால் தப்பு கண்ணில் படாது. ஆனால் கோழியும் உப்பும் மசாலாவும் 600 கிராம் அரிசிக்குக் கணக்குப் போட்டவை, உங்கள் பாத்திரத்தில் இருப்பதோ 830 கிராம். சோறு பொலபொலவென்று வந்தும் சுவை நீர்த்துப்போயிருந்தால் கப்பைச் சந்தேகப்படுங்கள்.

கரண்டியிலும் இதே கதை. பொதுவாக மேசைக்கரண்டி 15 மி.லி., ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மி.லி. ஆஸ்திரேலியச் சமையல் புத்தகங்களும் கரண்டிகளும் இங்கே தாராளமாகப் புழங்குகின்றன. ஒரு கரண்டியில் 5 மி.லி. கூடுவது பெரிதாகத் தெரியாது, ஐந்து கரண்டியில் 25 மி.லி. கூடிவிடும். கரண்டிக் காம்பில் எண் பொறித்திருக்கும், பாருங்கள். எண் இல்லாத கப்போ டம்ளரோ என்றால் தராசில் வைத்துத் தண்ணீர் நிரப்பி எடை பாருங்கள்: எத்தனை கிராமோ அத்தனை மி.லி.

உப்பு மட்டும் எப்போதும் எடைதான். ஒரு தேக்கரண்டி தூள் உப்பு சுமார் 6 கிராம், கல் உப்பு என்றால் இடைவெளி விட்டு உட்காருவதால் அதைவிடக் குறைவாகவே நிற்கும். பாட்டி கல் உப்பில் சொன்ன கணக்கை நாம் தூள் உப்பில் ஐந்து மடங்கு போட்டால் கரிக்கத்தான் செய்யும்.

பாட்டி என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். பழைய குறிப்புகளில் "அரிசி 1 கட்டி, கோழி 1½ கட்டி" என்று இருக்கும். சிங்கப்பூர்க் கட்டி சுமார் 605 கிராம், 16 தாயில் சேர்ந்தது ஒரு கட்டி, ஆகவே ஒரு தாயில் 38 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இணையத்தில் மாற்றிப் பார்த்தால் சில இடங்களில் 500 கிராம் என்று வரும். அது சீன நாட்டில் இப்போது புழங்கும் கணக்கு, நம்முடையது அல்ல. கோழியை அந்தக் கணக்கில் வாங்கினால் முப்பது பேர் சமையலில் முக்கால் கிலோவுக்கு மேல் குறைந்துவிடும்.

## அட்டவணை

இனி வரும் அறிகுறிகளுக்கெல்லாம் இந்த அட்டவணையையே அடிப்படையாக வைத்துப் பேசுகிறேன். நான்காவது பத்தி வெறும் ஐந்து மடங்கு. கடைசிப் பத்தி நிஜமாகப் போட வேண்டியது. இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று மட்டும் கவனியுங்கள்.

| பொருள் | 6 பேருக்கு, குறிப்பில் உள்ளபடி | எடையில் | வெறும் 5 மடங்கு | 30 பேருக்குப் போடுவது |
|---|---|---|---|---|
| பாஸ்மதி அரிசி | 4 குக்கர் கப் | 600 கிராம் | 3 கிலோ | 3 கிலோ |
| கோழி, எலும்போடு | 1½ கட்டி | 900 கிராம் | 4.5 கிலோ | 4.5 கிலோ |
| வெங்காயம் | 3 | 300 கிராம் | 1.5 கிலோ | 1.5 கிலோ |
| தக்காளி | 2 | 200 கிராம் | 1 கிலோ | 1 கிலோ |
| தயிர் | ½ கப் (250 மி.லி. கப்) | 130 கிராம் | 650 கிராம் | 650 கிராம் |
| இஞ்சி பூண்டு விழுது | 2 மேசைக்கரண்டி | 30 கிராம் | 150 கிராம் | 150 கிராம் |
| மிளகாய்த்தூள் | 1 மேசைக்கரண்டி | 8 கிராம் | 40 கிராம் | 40 கிராம் |
| மல்லித்தூள் | 2 மேசைக்கரண்டி | 12 கிராம் | 60 கிராம் | 60 கிராம் |
| தூள் உப்பு | 4 தேக்கரண்டி | 24 கிராம் | 120 கிராம் | 120 கிராம் |
| நெய்யும் எண்ணெயும் | 8 மேசைக்கரண்டி | 110 கிராம் | 550 கிராம் | 450 கிராம் |
| கிராம்பு | 6 | – | 30 | 22 |
| பட்டை | 2 துண்டு | – | 10 துண்டு | 7 துண்டு |
| ஏலக்காய் | 5 | – | 25 | 20 |
| மொத்த நீர் | 6 குக்கர் கப் | 1,080 மி.லி. | 5,400 மி.லி. | 4,800 மி.லி. |

மொத்த நீர் என்பது குழாய்த் தண்ணீர் மட்டுமல்ல, கோழியும் தக்காளியும் தயிரும் விட்ட சாற்றையும் சேர்த்து.

## அறிகுறி 3: சோறு குழைந்துவிட்டது

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். ஆறு பேருக்கு ஊற்றும் 1,080 மி.லி. நீர் முழுதையும் அரிசி குடிப்பதில்லை. ஒரு பகுதியை அரிசி குடிக்கிறது, இன்னொரு பகுதி ஆவியாகப் போகிறது. அரிசி குடிப்பது அரிசியின் அளவைப் பொறுத்தது, ஐந்து மடங்கு அரிசி ஐந்து மடங்கு குடிக்கும். ஆவியாவது அரிசியைப் பொறுத்ததல்ல. அடுப்பு எவ்வளவு சூடு கொடுக்கிறது, எத்தனை நிமிடம் கொதிக்கிறது, மூடி எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அடுப்பு அதே வீவக வீட்டு கேஸ் அடுப்புதான், அது ஐந்து மடங்கு எரியப்போவதில்லை. வெறுமனே ஐந்தால் பெருக்கும்போது ஆவியாகப் போகாத ஆவிக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

எவ்வளவு ஆவியாகிறது என்பதை உங்கள் அடுப்பில் நீங்களே அளந்துவிடலாம், ஒரு நாள் மாலை போதும். வழக்கமாகச் செய்யும் பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் 1 லிட்டர் ஊற்றி, பிரியாணிக்கு வைக்கும் அதே தீயில், அதே நிமிடங்கள் திறந்து கொதிக்கவிடுங்கள், பிறகு வழக்கம்போல மூடி சிறு தீயில் வைத்து, மிச்சத்தை அளவு ஜாடியில் ஊற்றிப் பாருங்கள். என் 24 செ.மீ. பாத்திரத்தில் 10 நிமிடக் கொதிக்கு 720 மி.லி. மிஞ்சுகிறது, அதாவது 280 போய்விட்டது. 1,080-இல் 280 கழித்தால் 600 கிராம் அரிசி குடிப்பது 800 மி.லி.

இதே சோதனையைப் பெரிய பாத்திரத்தில் 3 லிட்டர் ஊற்றிச் செய்யுங்கள். பெரிய அளவு கொஞ்சம் மெதுவாக அடங்கும் என்பதால் திறந்து கொதிக்கும் நேரத்தை 14 நிமிடம் என்று எடுத்தால், என் 36 செ.மீ. பாத்திரத்தில் சுமார் 400 மி.லி. போகிறது. முப்பது பேருக்கு இரண்டு பாத்திரம் வைப்பதாகக் கொள்வோம், ஏன் இரண்டு என்பது அறிகுறி 5-இல் வருகிறது. அரிசி குடிப்பது 5 × 800 = 4,000. ஆவி 2 × 400 = 800. ஆக 4,800. வெறும் பெருக்கலில் வந்த 5,400-க்கும் இதற்கும் 600 மி.லி. வித்தியாசம். குழைந்த சோற்றில் இருக்கும் தண்ணீர் இதுதான்.

```
=800*$H$1 + 400*2
```

எண்கள் என் அடுப்புக்கு உரியவை, உங்களுடையதை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். அரிசி ஊறும் நேரத்தையும் மாற்றாதீர்கள். சின்ன அளவுக்கு அரை மணி ஊறவைத்தீர்கள் என்றால் பெரிய அளவுக்கும் அரை மணிதான். வேலை மும்முரத்தில் இரண்டு மணி நேரம் ஊறிப்போன அரிசி ஏற்கெனவே நிறையக் குடித்து வைத்திருக்கும், இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

தண்ணீர்க் கணக்கு சரியாக இருந்தும் குழைகிறது என்றால் மசாலாச் சாற்றைப் பாருங்கள். இரண்டேகால் கிலோ கோழியை ஒரு பாத்திரத்தில் கொட்டியதும் அது வதங்குவதில்லை, விட்ட சாற்றிலேயே வேகிறது. சின்ன அளவில் சுண்டிப்போகும் சாறு இங்கே சுண்டாமல் தேங்கும். அதன் மேல் அட்டவணைத் தண்ணீரை ஊற்றினால் ஒரு பாத்திரத்துக்கு அரை லிட்டர்கூடக் கூடிவிடலாம். அதனால் கோழி முக்கால் பதம் வெந்ததும், துண்டுகளை ஒதுக்கி, சாற்றை மட்டும் ஜாடியில் மொண்டு அளந்து, 2,400 மி.லி.க்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மட்டும் வெந்நீர் சேருங்கள். விருந்துச் சமையலில் இந்த ஒரு வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன், மற்றதெல்லாம் ஓரளவு முன்பின் ஆனாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 4: அரிசி போடும் முன் ருசி பார்த்தால் உப்பு தூக்கல்

பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அதே 120 கிராம் உப்பு 5,400-க்குப் பதிலாக 4,800 மி.லி. நீரில் கரைந்திருக்கிறது, கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு கூடுதலாகத்தான் கரிக்கும், அது எதிர்பார்த்ததே. உப்பு ஆவியாகாது. கடைசியில் அரிசி குடிக்கும் நீர் ஒரு கிராம் அரிசிக்கு அதேதான் என்பதால், வெந்து முடிந்ததும் ஆறு பேர் பிரியாணியின் உப்புதான் வரும். மனம் கேட்கவில்லை என்றால் 110 கிராம் போட்டுத் தொடங்கி, தம் போடும் முன் மிச்சத்தைக் கரைத்துத் தெளியுங்கள்.

"பெரிய அளவுக்கு மசாலா எல்லாமே குறைத்துப் போட வேண்டும்" என்று பலர் சொல்வார்கள். தூள்களுக்கு அது பொருந்தாது, எடை பார்த்துப் போட்டால் அப்படியே பெருகும். குறைக்க வேண்டியது பட்டை, கிராம்பு, ஏலக்காய் போன்ற முழுசாகக் கிடப்பவற்றை, ஏனென்றால் பெரிய பாத்திரம் கொதி வரவும் சூடு ஆறவும் அதிக நேரம் எடுக்கும், அவ்வளவு நேரமும் அவை சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். பிரியாணி கசப்பாக, மருந்து வாசம் அடித்தால் கிராம்புதான் காரணம். நான் ஏறக்குறைய முக்கால் பங்கில் நிறுத்துகிறேன்.

எண்ணெய் மேலே மிதந்தால், அதையும் ஐந்தால் பெருக்கியிருப்பீர்கள். வதக்குவதற்கான எண்ணெய் பாத்திரத்தின் அடியைப் பொறுத்தது, அடி ஐந்து மடங்கு அகலமாகவில்லை.

## அறிகுறி 5: அடி பிடித்துவிட்டது, மேல் அரிசி வேகவில்லை

இது ஆழக் கோளாறு. 24 செ.மீ. பாத்திரத்திலிருந்து 36 செ.மீ. பாத்திரத்துக்குப் போனால் அடிப்பரப்பு இரண்டேகால் மடங்குதான் கூடுகிறது, ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள். ஐந்து மடங்கு சோறு அதில் இரண்டு மடங்குக்கு மேல் உயரமாக நிற்கும். கீழே அடுப்புச் சூடும் மேலிருக்கும் சோற்றின் கனமும், மேலேயோ சூடு போய்ச் சேர நேரமாகிறது. மேலே வேகவில்லையே என்று தீயைக் கூட்டினால் அடி கருகும், கிளறினால் பாஸ்மதி உடையும்.

36 செ.மீ. பாத்திரம் இரண்டு வைத்து ஒவ்வொன்றிலும் பதினைந்து பேர் அளவு போட்டால் உயரம் பழைய அளவைவிடச் சற்றே கூடும், அவ்வளவுதான். நேரமும் ஏறக்குறைய பழையபடியே வரும். கூட ஒரு அடுப்பு பிடிக்கிறதே என்றால், ஒன்றை முதலில் முடித்து மூடி வையுங்கள், தம் போட்ட பெரிய பாத்திரம் நெடுநேரம் சூடு தாங்கும். ஒரே பெரிய அண்டாவில்தான் செய்வேன் என்றால் அதற்கு விறகோ பெரிய கேஸ் அடுப்போ வேண்டும், வீட்டு அடுப்பு அந்த அகலத்துக்குச் சூடு பரப்பாது.

பாதி வழியில் கண்டுபிடித்துவிட்டீர்களா? மேல் அரிசி விறைப்பாக இருந்து, அடியில் லேசாகப் பிடித்த வாசம் வந்தால், உடனே தீயை அணைத்துவிட்டு, அடியைச் சுரண்டாமல் மேலிருந்து சோற்றை இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஒரு கை வெந்நீரைத் தெளித்து, ஈரத் துணி சுற்றிய மூடியால் அடைத்து, தோசைக்கல்லின் மேல் வைத்துச் சிறு தீயில் பதினைந்து நிமிடம் விடுங்கள்.

## அறிகுறி 6: இரண்டு பேருக்குக் குறைத்தால் விறைக்கிறது

விருந்துக்கு மறுவாரம் இருவருக்கு மட்டும் செய்வோமே என்று ஆறிலிருந்து மூன்றால் வகுத்தால், அரிசி 200 கிராம், தண்ணீர் 360 மி.லி. வரும். போதாது. அரிசி குடிப்பது 800-இல் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 270 மி.லி. சின்னப் பாத்திரத்தில், சின்ன அடுப்பில் அளந்து பார்த்தால் எனக்கு 180 மி.லி. ஆவியாகிறது. ஆக 450 மி.லி. ஊற்ற வேண்டும், சாற்றையும் சேர்த்துத்தான். எண்ணெயையும் இங்கே அப்படியே மூன்றால் வகுக்காதீர்கள், 37 கிராமில் வெங்காயம் சிவக்கும் முன் காய்ந்துவிடும், 50 கிராம் வரை போடலாம். உப்பு 8 கிராம், மிளகாய்த்தூள் ஏறக்குறைய இரண்டே முக்கால் கிராம். அவ்வளவு சின்ன எடையைச் சமையலறைத் தராசு துல்லியமாகக் காட்டாது, ஆகவே இந்த ஓர் இடத்தில் மட்டும் கரண்டிக்குத் திரும்புங்கள்: மிளகாய்த்தூள் தலைதட்டி ஒரு தேக்கரண்டி.